கொஞ்சம்தான் ரத்தம் என்று சொல்வதற்கு முன்

போன வாரம் இரவுப் பணியில் இருந்த ஜூனியர் டாக்டர் காலையில் என்னிடம் ஒப்படைத்த கேஸ்களில் ஒன்று இது. "ஆறு வாரம், மேடம். ஸ்பாட்டிங்தான். அடிவயிறு லேசா வலிக்குதாம். ரெஸ்ட் எடுக்கச் சொல்லி அனுப்பிட்டேன்."

"கர்ப்பம் கர்ப்பப்பைக்குள்ளதான் இருக்குன்னு ஸ்கேன்ல பார்த்தாச்சா?"

பதில் வரவில்லை. அந்தப் பெண்ணைப் போன் போட்டு வரவழைத்தோம். நல்லவேளை, எல்லாம் உள்ளே இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. ஆனால் அந்தப் பையன் சொன்ன அதே வரியை, அதே தெம்போடு, பல வருடங்களுக்கு முன் நானும் சொல்லியிருக்கிறேன்.

ரத்தம் கொட்டினால் ஓடி வர வேண்டும் என்பதை யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதை விட்டுவிடுகிறேன்.

முதல் மூன்று மாதத்தில் ஏறத்தாழ நான்கு கர்ப்பிணிகளில் ஒருவருக்குக் கொஞ்சமாவது ரத்தம் படும். பாதிக்கு மேற்பட்டவர்களுக்குக் கர்ப்பம் அப்படியே தொடர்கிறது. கரு பதியும் நேரத்தில் இரண்டொரு நாள் படலாம். கர்ப்பப்பை வாயில் ரத்த ஓட்டம் கூடியிருப்பதால், உறவுக்குப் பிறகோ உள்பரிசோதனைக்குப் பிறகோ படலாம். பழுப்பு நிறமென்றால் பழைய ரத்தம். மாதவிலக்குக்கு முன் வருவதுபோல நடு அடிவயிற்றில் விட்டுவிட்டு வரும் லேசான வலியும் சகஜம்தான். இதெல்லாம் உண்மை. இந்த உண்மையில்தான் நாங்கள் வழுக்கி விழுகிறோம். நாங்களும் நீங்களும் செய்யும் தவறுகள்தான் கீழே வருபவை.

ரத்தத்தின் அளவை வைத்து ஆபத்தை அளப்பது

பல வருடங்களுக்கு முன் நான் அப்படி அனுப்பிவைத்த பெண்ணுக்கு ஆறரை வாரம். வீட்டில் செய்த டெஸ்ட் பாசிட்டிவ், ஸ்கேன் இன்னும் எடுக்கவில்லை. மூன்று நாளாகப் பழுப்பாகக் கொஞ்சம் கொஞ்சம் பட்டிருக்கிறது. அன்று மாலை வலி கூடி, சதைபோல ஒன்று வெளியே வந்திருக்கிறது. அதை ஒரு டப்பாவில் போட்டு எடுத்து வந்திருந்தார். வெளிறிய நிறத்தில், முக்கோணமாக, மெல்லிய பைபோல இருந்தது. பார்த்தவுடனே எனக்குச் சந்தேகமே வரவில்லை: கரு கலைந்துவிட்டது, முழுசாக வெளியே வந்துவிட்டது. ரத்தப்போக்கும் குறைந்திருந்தது. நாடி 104. அழுதுகொண்டிருக்கிறாரே, அதனால்தான் என்று நினைத்தேன். ஆறுதல் சொல்லி அனுப்பினேன்.

மறுநாள் மாலை ஸ்ட்ரெச்சரில் வந்தார். கழிப்பறைக்குப் போக எழுந்தவர் மயங்கி விழுந்திருக்கிறார். காலையிலிருந்தே தோள்பட்டை வலிக்கிறது, படுத்தால் கூடுகிறது என்று சொல்லியிருக்கிறார். வீட்டில் தைலம் தேய்த்திருக்கிறார்கள். வயிற்றைத் திறந்தபோது உள்ளே ஏறக்குறைய இரண்டு லிட்டர் ரத்தம். கரு கருக்குழாயில் வளர்ந்து, குழாய் வெடித்திருந்தது. அவர் பிழைத்தார். ஒரு குழாயை எடுக்க வேண்டியதாயிற்று.

அப்படியானால் டப்பாவில் இருந்தது என்ன? கரு எங்கே பதிந்தாலும் கர்ப்ப ஹார்மோனுக்குக் கர்ப்பப்பையின் உள்சவ்வு தடித்துவிடும். குழாய்க் கர்ப்பத்தில் சில சமயம் அந்தச் சவ்வு மொத்தமாக உரிந்து, கர்ப்பப்பையின் வடிவத்திலேயே வெளியே வரும். பார்த்தால் கரு கலைந்து வந்தது போலவே இருக்கும். உள்ளே கரு இருக்காது. அதைக் கண்ணால் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் துணிச்சல் எனக்கு இப்போது இல்லை.

வெளியே கொஞ்சமாகத்தான் பட்டதற்கும் காரணம் இருக்கிறது. வெடித்த குழாயின் ரத்தம் வயிற்றுக்குள் போய்த் தேங்குகிறது. நாப்கினில் தெரிவது சவ்வு உதிரும் கசிவு மட்டும். தேங்கிய ரத்தம் உதரவிதானத்தை உறுத்தினால், அதற்குப் போகும் நரம்பின் வழியாக வலி தோளில் தெரியும். கீழே தேங்கினால் மலம் கழிக்க வேண்டும் போன்ற அழுத்தம் வரும். இந்த இரண்டையும் வாயுத்தொல்லை என்று ஒதுக்கியவர்கள் எத்தனையோ பேர். ஒரு பக்கமாகக் குத்தும் வலி, தோள் நுனியில் வலி, தலைசுற்றல், மயக்கம், வியர்த்துக் கைகால் சில்லிடுவது: இவற்றில் ஒன்று இருந்தாலும், ரத்தம் ஒரு துளிதான் பட்டது என்றாலும், உடனே ஆஸ்பத்திரி. தானாக வண்டி ஓட்டிக்கொண்டு போகக் கூடாது.

குழாய்க் கர்ப்பம் நூறு கர்ப்பங்களில் ஒன்றிரண்டுதான். முன்பு ஒருமுறை வந்தவர்கள், குழாயில் கிருமித்தொற்றோ அறுவை சிகிச்சையோ ஆனவர்கள், காப்பர்-டி இருக்கும்போதே கருத்தரித்தவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். ஆனால் வருபவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இப்படி எந்தப் பின்னணியும் இருப்பதில்லை. என் நோயாளிக்கும் இல்லை.

அன்று நான் செய்திருக்க வேண்டியது பெரிய வித்தை ஒன்றுமில்லை. உள்வழி ஸ்கேன். கர்ப்பப்பை காலியாக இருந்தால், அதற்கு முன் உள்ளே கரு இருந்ததைக் காட்டும் ஸ்கேன் எதுவும் இல்லாதபோது, "கலைந்துவிட்டது" என்ற சொல்லையே பயன்படுத்தக் கூடாது. கர்ப்பம் எங்கே என்று தெரியவில்லை, அவ்வளவுதான். கர்ப்ப ஹார்மோனின் அளவைக் காட்டும் பீட்டா எச்.சி.ஜி. ரத்தப் பரிசோதனை செய்து, 48 மணி நேரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். நல்ல கர்ப்பத்தில் அது ஏறக்குறைய பாதி மடங்காவது ஏறியிருக்கும். மந்தமாக ஏறினாலோ அங்கேயே நின்றாலோ குழாயைத் தேட வேண்டும். இறங்கினாலும் விட்டுவிடாமல், இல்லை என்று ஆகும்வரை பின்தொடர வேண்டும். அந்த 104ஐயும் அழுகைக் கணக்கில் எழுதியிருக்கக் கூடாது.

நாப்கினை எண்ணாமல் "நிறைய போகுது" என்பது

இது கர்ப்பப்பைக்குள்ளேயே நடக்கும் கருச்சிதைவுக்கு. பெரிய நாப்கின் ஒரு மணி நேரத்தில் முழுதாக நனைந்து, அடுத்த மணி நேரமும் அப்படியே என்றால் காத்திருக்கக் கூடாது. பெரிய பெரிய கட்டிகள், அலையலையாக வந்து முதுகுக்கும் பரவும் வலி, குளிர்காய்ச்சல், துர்நாற்றமுள்ள கசிவு, இவையும் அவசரம்தான். காய்ச்சலும் நாற்றமும் சேர்ந்தால் உள்ளே மிச்சம் தங்கித் தொற்று ஏறுகிறது என்று பொருள். நாப்கின் மாற்றிய நேரத்தைப் போனில் குறித்துக்கொண்டு வருபவர்கள் எங்களுக்குப் பாதி வேலையை முடித்துத் தருகிறார்கள். வெளியே வந்ததைச் சுத்தமான டப்பாவில் எடுத்து வாருங்கள்; சோதனைக்கு அனுப்பத்தான், கண்ணால் பார்த்து முடிவு சொல்ல அல்ல.

படுத்தே கிடந்தால் நின்றுவிடும் என்பது

படுக்கை ஓய்வு கருச்சிதைவைத் தடுப்பதில்லை.

வலி மாத்திரை போட்டுவிட்டு விடியட்டும் என்பது

லேசான வலிக்குப் பாராசிட்டமால் போதும், இபுப்ரூஃபன் வேண்டாம். மாத்திரை போட்டும் கூடும் வலிக்கு இன்னொரு மாத்திரை பதில் இல்லை.

ஒரே ஸ்கேனில் தீர்ப்பு எழுதுவது

கருவின் துடிப்பு ஆறு வாரம் வாக்கில்தான் தெரிய ஆரம்பிக்கும். நாள் கணக்கு ஒரு வாரம் பிசகியிருந்தால் "துடிப்பு இல்லை" என்ற வரிக்கு அர்த்தமே இல்லை. உள்வழி ஸ்கேனில் கரு 7 மில்லிமீட்டரைத் தொட்டும் துடிப்பு இல்லையென்றால்தான் கருச்சிதைவு என்று சொல்லலாம். அதற்குக் குறைவாக இருந்தால், குறைந்தது ஒரு வாரம் கழித்து இன்னொரு ஸ்கேன். அதற்கு முன் மாத்திரை கொடுத்துக் கலைக்கச் சொன்னால், மறு ஸ்கேன் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

ரத்த வகையைச் சொல்லாமல் விடுவது

நெகட்டிவ் என்றால் முதல் பேச்சிலேயே சொல்லுங்கள். அடுத்த கர்ப்பத்தைக் காக்கும் ஆன்டி-டி ஊசி தேவையென்றால் 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும்.

வாசலில் "ப்ளீடிங்" என்று மட்டும் சொல்வது

வரிசையில் உட்காரவைத்துவிடுவார்கள். "ஏழு வாரக் கர்ப்பம், இன்னும் ஸ்கேன் பார்க்கவில்லை, வலது பக்கம் வலி, தலை சுற்றுகிறது" என்று ஒரே மூச்சில் சொல்லுங்கள்.