ஆப்பிள் தோலில் இருக்கும் மருந்து: கழுவினால் எது போகும், எது போகாது

காய்கறி, பழம் கழுவுவதற்கு உப்பு, வினிகர், பாட்டிலில் விற்கும் திரவம் என்று ஆளுக்கொரு வழி சொல்வார்கள். தோலில் தங்கும் பூச்சிமருந்தைக் குறைக்க, அளந்து பார்த்துச் சோதித்த எளிய வழி ஒன்று சமையல் சோடா. முதலில் ஆப்பிளை வைத்து அதைச் செய்து பார்ப்போம். கீரை, திராட்சைக்கு என்ன மாற்றம் என்பதை அப்புறம் சொல்கிறேன்.

1. முழுதாகவே கழுவுங்கள்

கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத் தொடங்குங்கள். பழத்தை வெட்டவோ காம்பைக் கிள்ளவோ வேண்டாம். வெட்டிய இடம் வழியாக அழுக்குத் தண்ணீர் சதைக்குள் போய்விடும். சாப்பிடப் போகும் பழத்தை மட்டும் எடுத்துக் கழுவுங்கள். கழுவி ஈரத்தோடு வைத்த பழம் சீக்கிரம் அழுகும்.

2. ஓடும் தண்ணீரில் தேயுங்கள்

குழாயைத் திறந்து, பழத்தைச் சுற்றிச் சுற்றி விரலால் அரை நிமிடம் அழுத்தித் தேயுங்கள். காம்புக் குழியும் அடிக்குழியும்தான் பலர் விட்டுவிடும் இடங்கள். விரல் நுனியை உள்ளே விட்டுத் தேய்க்க வேண்டும். தூசி, மண், தோலின் மேலாக நிற்கும் மருந்து எல்லாம் தண்ணீரின் வேகத்திலும் உரசலிலும்தான் கழன்று வருகின்றன. அதனால் நேரமில்லாத நாளில் இந்த ஒரு படியை மட்டும் ஒழுங்காகச் செய்தாலே நல்ல பலன் உண்டு. கிழங்கு, கேரட் போல உறுதியான தோல் இருந்தால், இதற்கென்றே வைத்திருக்கும் பிரஷ்ஷால் தேய்க்கலாம்.

3. சோடாத் தண்ணீரில் ஊற வையுங்கள்

ஒரு லிட்டர் தண்ணீருக்கு 10 கிராம் சமையல் சோடா, அதாவது தட்டையாக வழித்த இரண்டு டீஸ்பூன். பேக்கிங் பவுடர் வேறு பொருள், அதைப் போட்டுவிடாதீர்கள். சோடா முழுதும் கரைந்த பிறகு பழத்தைப் போட்டு 15 நிமிடம் விடுங்கள். ஆப்பிள் மிதக்கும் என்பதால் மேலே ஒரு தட்டை வைத்து அமிழ்த்துங்கள். இல்லையென்றால் ஒரு பக்கம் நனையாமலே போய்விடும்.

4. அலசித் துடையுங்கள்

மறுபடி ஓடும் தண்ணீரில் அலசி, சுத்தமான துணியால் துடைத்துவிடுங்கள்.

ஏன் 15 நிமிடம்?

2017-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காலா ரக ஆப்பிள்களில் இரண்டு மருந்துகளைப் பூசி ஒரு நாள் வைத்திருந்தார்கள். ஒன்று தயாபெண்டசோல் என்ற பூஞ்சைக்கொல்லி, மற்றது பாஸ்மெட் என்ற பூச்சிக்கொல்லி. பிறகு வெறும் தண்ணீர், பிளீச் கரைசல், மேலே சொன்ன அளவிலான சோடாக் கரைசல் மூன்றிலும் கழுவிப் பார்த்தார்கள். சோடாதான் முந்தியது. தோலின் மேல் இருந்த தயாபெண்டசோல் போக 12 நிமிடமும், பாஸ்மெட் போக 15 நிமிடமும் ஆயின. இந்த இரண்டு மருந்துகளும் காரத்தன்மையுள்ள தண்ணீரில் சிதைகின்றன, அதுதான் காரணம். சோடாவில் முக்கியெடுத்து உடனே அலசினால் அந்தச் சிதைவுக்கு நேரமே கிடைக்காது. எல்லா மருந்தும் காரத்தில் சிதைவதில்லை என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதே ஆய்வில் எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொரு விஷயம். பூசிய தயாபெண்டசோலில் ஏறக்குறைய 20 சதவீதமும், பாஸ்மெட்டில் 4 சதவீதத்துக்குச் சற்று மேலும் அந்த ஒரே நாளில் தோலுக்குள் இறங்கிவிட்டிருந்தன. உள்ளே போனதை எந்தக் கரைசலும் எடுக்கவில்லை. தயாபெண்டசோல் இறங்கிய ஆழம் சுமார் 80 மைக்ரோமீட்டர், ஏறத்தாழ ஒரு தலைமுடியின் தடிமன். தோலைச் சீவினால் இந்த ஆழம் கூடவே போய்விடும். ஆனால் ஆப்பிளின் நார்ச்சத்திலும் பாலிஃபீனால் என்ற தாவரச் சேர்மங்களிலும் ஒரு நல்ல பங்கு தோலோடு போகும். நான் நன்றாகக் கழுவிவிட்டுத் தோலோடுதான் சாப்பிடுகிறேன்.

இமிடாகுளோப்ரிட் போன்ற மருந்துகளின் கதை வேறு. அவற்றைச் செடியே உறிஞ்சிக்கொள்ளும், சாற்றோடு சேர்ந்து எல்லாப் பாகத்துக்கும் போகும். அங்கே கழுவுவதும் சீவுவதும் பெரிதாக உதவாது.

கீரை, திராட்சை, முட்டைக்கோஸ்

கீரையை வேர் நறுக்கி, இலைகளைப் பிரித்து, அகலமான பாத்திரத்தில் நிறையத் தண்ணீரில் போட்டு அளையுங்கள். மண் அடியில் தங்கட்டும். இலைகளைக் கையால் மேலே அள்ளி எடுங்கள். பாத்திரத்தைச் சாய்த்து வடித்தால் அடியில் தங்கிய மண் திரும்ப இலைமேலேயே விழும். அடியில் மண் தெரியாமல் போகும் வரை தண்ணீரை மாற்றி மாற்றிச் செய்யுங்கள். முட்டைக்கோஸில் வெளி இலை இரண்டு மூன்றை எடுத்துப் போட்டாலே பாதி வேலை முடிந்தது. திராட்சையைக் கொத்தாகக் கழுவாமல் சின்னச் சின்னக் கிளைகளாகப் பிரித்து அலசுங்கள். ஸ்ட்ராபெரி போன்ற மென்மையான பழம் நீண்ட நேரம் ஊறினால் தண்ணீரைக் குடித்துக் குழைந்துவிடும். சாப்பிடும் முன் ஓடும் தண்ணீர் மட்டும் போதும்.

திராட்சை மேல் வெள்ளையாகப் படிந்திருப்பதை மருந்து என்று பலர் பயப்படுகிறார்கள். பெரும்பாலும் அது பழமே உண்டாக்கும் மெழுகுப் படலம்தான். அதேபோல, சோடாத் தண்ணீர் மஞ்சளாக மாறினால் ‘பார், மருந்து வெளியே வருகிறது’ என்பார்கள். செடிகளில் உள்ள சில நிறமிகள் காரத்தில் மஞ்சளாகும், அவ்வளவுதான். மருந்து எவ்வளவு போனது என்பதைக் கண்ணாலோ மூக்காலோ கண்டுபிடிக்க முடியாது.

பாத்திரம் தேய்க்கும் சோப்பு, பிளீச் இரண்டும் வேண்டாம். பழத்தோலில் நுண்துளைகள் உண்டு, சோப்பு உள்ளே போய்த் தங்கும்.

சரி, ஆர்கானிக் வாங்கினால் சத்து கூடுமா?

இதில் இரண்டு பெரிய தொகுப்பாய்வுகளைப் பார்க்க வேண்டும். 2012-இல் ஸ்டான்ஃபோர்ட் குழு 200-க்கும் மேற்பட்ட ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. ஆர்கானிக் உணவு குறிப்பிடத்தக்க அளவு கூடுதல் சத்துள்ளது என்பதற்கு வலுவான ஆதாரம் கிடைக்கவில்லை. 2014-இல் இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகம் முன்நின்று 343 வெளியீடுகளை ஆராய்ந்தபோது, ஆர்கானிக் பயிர்களில் பாலிஃபீனால் வகைகள் கூடுதலாகவும் காட்மியம் என்ற நச்சு உலோகம் குறைவாகவும் இருந்தன. ஆனால் அந்தக் கூடுதல் பாலிஃபீனால் சாப்பிடுபவரின் உடல்நலத்தில் மாற்றம் தருகிறது என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. வைட்டமின் சி-யை எடுத்துக்கொண்டால், பயிர் ரகமும், எவ்வளவு பழுத்தபோது பறித்தார்கள் என்பதும், பறித்து எத்தனை நாள் ஆயிற்று என்பதும் பெரிய வித்தியாசம் செய்யும். ஒரு வாரம் கிடந்த ஆர்கானிக் கீரையைவிட இன்று பறித்த சாதாரணக் கீரையில் அது கூடுதலாக இருக்க வாய்ப்பு அதிகம்.

இரண்டு ஆய்வுகளும் ஒத்துப்போகும் இடம் மருந்து எச்சம். ஆர்கானிக் விளைபொருளில் அது தென்படுவது தெளிவாகவே குறைவு. ஆகவே கூடுதல் பணம் கொடுப்பதானால், சத்துக்காக என்று நினைக்காமல் எச்சத்தைக் குறைக்க என்று நினைத்துக் கொடுங்கள். மெல்லிய தோலோடு பச்சையாகச் சாப்பிடுபவற்றுக்கு அந்தப் பணம் பொருந்தும். வாழைப்பழம் போல் தோலை உரித்து எறிபவற்றில் அதனால் கிடைக்கும் பலன் குறைவு.

ஆர்கானிக் என்றாலும் கழுவத்தான் வேண்டும். அந்த முறையிலும் செம்பு, கந்தகம், ஸ்பினோசாட் போன்ற மருந்துகளுக்கு அனுமதி உண்டு. மண்ணிலும் எருவிலும் இருந்து வரும் கிருமிகளும் ஒட்டியிருக்கும். முலாம்பழம் போன்ற உரிக்கும் பழத்தையும் வெட்டும் முன் தேய்த்துக் கழுவுங்கள், ஏனென்றால் தோலில் இருப்பதைக் கத்திதான் சதைக்குள் இழுத்துப் போகிறது.