புத்தக டீசரில் கதையைக் காட்டிக்கொடுக்கும் தவறுகள்

கடலூர், புதுச்சேரி பக்கம் முதல் நாவல் கொண்டுவருபவர்கள் வெளியீட்டு விழாவுக்கு முன்னால் டீசர் வீடியோவை என்னிடம் அனுப்பி, "ஒரு பார்வை பாருங்கண்ணே" என்பார்கள். முன்பு நான் செய்த அதே கூத்துகள்தான் அதில் இருக்கும். எழுத்துப்பிழை, மங்கலான அட்டைப்படம் எல்லாம் அவர்களே திருத்திக்கொள்வார்கள். நான் சொல்ல வருவது வேறு.

ரகசியத்தைக் கேள்வியாக்கிப் போடுவது

இன்னமும் எனக்கு எரிச்சல் வருவது இதைப் பார்க்கும்போதுதான். பண்ருட்டிப் பக்கத்துத் தம்பி ஒருவரின் நாவலைச் சொல்கிறேன், சில விவரங்களை மாற்றி. 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்ததே, அதில் ரேவதி வீட்டு முந்திரித் தோப்பு மொத்தமாகச் சாய்கிறது. தோப்பு ஓரத்தில் நின்ற பலாமரம் வேரோடு பெயர்ந்த குழியில் ஒரு தகரப் பெட்டி கிடைக்கிறது. இது 18ஆம் பக்கம். பெட்டிக்குள் இருப்பவை அத்தையின் கொலுசும் துணிமணியும். இருபது வருடத்துக்கு முன் யாரோடோ புதுச்சேரிக்கு ஓடிப்போய்விட்டாள் என்று ஊரே சொன்ன அத்தை. அவள் ஊரைவிட்டுப் போகவே இல்லை என்பது 160ஆம் பக்கத்தில்தான் ரேவதிக்குத் தெரிகிறது.

தம்பி போட்டிருந்த டீசரின் கடைசி வரி: "அத்தை உண்மையிலேயே ஓடிப்போனாளா?"

"நான் எதையும் சொல்லலையேண்ணே, கேள்விதானே கேட்டிருக்கேன்" என்றார். கேள்விதான். ஆனால் டீசரில் இப்படிக் கேட்டால் பதில் 'இல்லை' என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஓடிப்போனது உண்மையென்றால் யார் மெனக்கெட்டுக் கேட்கப் போகிறார்கள்? நூற்றைம்பது பக்கமாக அவர் கட்டிக்கொண்டு போனதை ஒரு கேள்விக்குறி அவிழ்த்துவிட்டது. விழாவுக்கு வந்தவர்கள் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே, "அப்ப அத்தையக் கொன்னுட்டாங்களா?" என்று அவரிடமே கேட்டார்கள். கேட்டுவிட்டு, வாங்காமல் கீழே வைத்தவர்களும் உண்டு.

டீசரில் எதுவரை சொல்லலாம் என்பதற்கு நான் வைத்திருக்கும் கணக்கு எளிது. நாவலின் முதல் கால் பாகத்தில் வாசகனுக்குத் தெரிந்துவிடுகிற எதையும் சொல்லலாம். அதற்கு மேல் ஒரு சொல்கூட வேண்டாம், கேள்வி வடிவிலும் வேண்டாம். முக்கியப் பாத்திரம் ஏதோ ஒன்றைத் தீர்மானித்தாக வேண்டிய இடம் வந்ததும் டீசர் நின்றுவிட வேண்டும். இந்த நாவலுக்கு நான் மாற்றி எழுதிக் கொடுத்தது:

"தானே புயலில் சாய்ந்தது பலாமரம். வேருக்கடியில் ஒரு தகரப் பெட்டி. உள்ளே, இருபது வருடத்துக்கு முன் ஓடிப்போன அத்தையின் கொலுசு. அப்பா சொல்கிறார்: மூடி வை."

அப்பா மேல் சந்தேகம் வராதா என்று தம்பி கேட்டார். வரும், வரட்டும். 24ஆம் பக்கத்தில் நாவலே அந்தச் சந்தேகத்தைக் கிளப்புகிறது. அது சரியா தப்பா என்பதைத்தான் டீசர் தொடக்கூடாது. 'ஓடிப்போன அத்தை' என்று ஊர் சொல்வதையே டீசரும் சொல்வதைக் கவனியுங்கள். ரேவதி எதை நம்பிக்கொண்டிருக்கிறாளோ, அதையேதான் டீசரும் நம்ப வேண்டும்.

புயலை மறைக்க வேண்டியதில்லை. தானே வந்தது இந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த கதை. அதைச் சொன்னால் 'நம்ம ஊரு' என்று நின்று பார்ப்பார்கள்.

போடுவதற்கு முன், நாவலைப் படிக்காத ஒருவரிடம் காட்டி, "இதுல என்ன நடக்கும்னு நினைக்கிறீங்க?" என்று கேளுங்கள். முடிவை அடித்துச் சொல்கிறார் என்றால் கசிந்துவிட்டது. "பெட்டியை யாரு புதைச்சது?" என்று திருப்பிக் கேட்டால் போடலாம். வீட்டில் இருப்பவர்களிடமும் கையெழுத்துப் பிரதியைப் படித்த நண்பர்களிடமும் காட்டிப் பயனில்லை. கதை தெரிந்தவர்களுக்குக் கசிவு தெரியாது.

ஒன்றுமே சொல்லாமல் விடுவது

"ஒரு பெண். ஒரு ரகசியம். ஒரு பயணம்." இது எந்த நாவலுக்கும் பொருந்தும். கசிந்துவிடுமோ என்று பயந்தவர்கள் அடுத்து இங்கேதான் வந்து விழுகிறார்கள். தகரப் பெட்டி, கொலுசு போலக் கண்ணுக்குத் தெரிகிற பொருள் ஒன்றாவது இருக்கட்டும்.

"யாரும் எதிர்பார்க்காத திருப்பம்"

இதைப் படித்தவன் முதல் பக்கத்திலிருந்தே திருப்பத்தைத் தேடுவான். கண்டும் பிடிப்பான்.

அணிந்துரையிலிருந்து வரி எடுப்பது

அணிந்துரை எழுதியவர் முழு நாவலையும் படித்துவிட்டு எழுதியவர். அவருடைய நல்ல வரிகள் பெரும்பாலும் கடைசி அத்தியாயத்தைப் பற்றியவை.

பின்னணி இசை

ஒப்பாரி வேண்டாம். யாரோ செத்துவிட்டார்கள் என்று தெரிந்துவிடும்.

மேடை

டீசரில் இவ்வளவு காத்துவைத்ததை விழாவில் நூலை அறிமுகம் செய்பவர் ஐந்து நிமிடத்தில் சொல்லித் தீர்த்துவிடுவார், கைத்தட்டலோடு. புத்தகத்தைக் கொடுக்கும்போதே, "ஐயா, முதல் ஐந்து அத்தியாயத்தை மட்டும் பேசுங்க" என்று கேட்டுக்கொள்ளுங்கள். கூச்சப்படாதீர்கள், பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.