பள்ளிச் சீருடை இருப்பு: சென்ற ஆண்டு பில்லை அப்படியே நம்பலாமா?

ஜூன் மாதம் பள்ளி திறந்த இரண்டாம் வாரத்தில், சீருடைக் கடைகளில் ஒரு சைஸ் முற்றிலும் தீர்ந்திருக்க, அதற்கு அடுத்த சைஸ் அலமாரி நிறையத் தேங்கிக் கிடப்பதைப் பார்க்கலாம். மொத்த எண்ணிக்கையில் பெரிய பிழை இருக்காது. சைஸ்களுக்குள் அதைப் பிரித்த விகிதம்தான் தவறியிருக்கும். ஒரு பள்ளியின் சீருடையை இன்னொரு பள்ளிக்கு விற்க முடியாது என்பதால், இந்தத் தவறுக்கு மற்றத் துணி வியாபாரத்தில் உள்ளதைப் போன்ற தள்ளுபடி வழியும் இல்லை.

இதற்கு முதற்காரணம், சென்ற ஆண்டு விற்றதையே சென்ற ஆண்டின் தேவை என்று எடுத்துக்கொள்வது. எடுத்துக்காட்டாக, ஒரு தனியார் பள்ளியின் ஆறாம் வகுப்பு மாணவர்களுக்குச் சென்ற ஆண்டு 110 சட்டைகள் விற்றதாக வைத்துக்கொள்வோம். பில்களைக் கூட்டினால் 28 சைஸில் 22, 30-இல் 33, 32-இல் 47, 34-இல் 8 என்று வருகிறது. இதைப் பார்ப்பவர் இந்த ஆண்டு 32 சைஸைத்தான் அதிகம் தைக்கச் சொல்வார். ஆனால் பில்களைத் தேதிவாரியாக அடுக்கினால் வேறொன்று தெரியும்: 60 சட்டைகள் விற்றிருந்த நாளில் 30 சைஸ் தீர்ந்துவிட்டது. அதுவரை விற்றவை முறையே 12, 33, 12, 3. அதன் பிறகு விற்ற 50 சட்டைகளில் 35, சைஸ் 32. அந்தச் சைஸ் பிள்ளைகள் திடீரென்று கூடிவிடவில்லை. 30 கிடைக்காத பெற்றோர், வளரும் பிள்ளைதானே என்று 32-ஐ வாங்கிச் சென்றிருக்கிறார்கள்.

ஆகவே, எல்லாச் சைஸும் கையிருப்பில் இருந்த நாட்களின் விற்பனையிலிருந்து மட்டுமே விகிதத்தை எடுக்க வேண்டும். இங்கே அது 20, 55, 20, 5 விழுக்காடு. சைஸ் மாற்றிக்கொண்டு போனவர்களின் கணக்கையும் இதில் திருத்த வேண்டும். கடைசியில் பிள்ளை எதை அணிந்தது என்பதே நமக்குத் தேவை, ஆனால் பல கடைகளில் மாற்றிக் கொடுத்த சட்டை பில்லில் பழைய சைஸாகவே நின்றுவிடுகிறது.

அடுத்தது எண்ணிக்கை. சென்ற ஆண்டு ஆறாம் வகுப்பில் எத்தனை பேர் என்பதை வைத்து இந்த ஆண்டு ஆறாம் வகுப்பைக் கணக்கிடுவது தவறு. அந்த மாணவர்கள் ஏழாம் வகுப்புக்குப் போய்விட்டார்கள். ஐந்தாம் வகுப்பில் இப்போது இருப்பவர்களே அடிப்படை. அங்கே 58 மாணவர்கள் இருந்து, முந்தைய ஆண்டுகளின் பதிவேட்டின்படி 6 பேர் விலகுவதும் 14 பேர் புதிதாகச் சேர்வதும் வழக்கமென்றால், 66 பேர். இந்தப் பள்ளியில் ஆறாம் வகுப்பில் அரைக்கால் சட்டை மாறி முழுக்கால் சட்டையும் புதிய நிறச் சட்டையும் வருவதால் எல்லோருமே இரண்டு செட் வாங்குவார்கள்; சீருடை மாறாத வகுப்பாக இருந்தால், பழைய மாணவர்களில் பலர் ஒரு செட்டோடு நிறுத்திக்கொள்வார்கள், அதைத் தனியாகவே கணக்கிட வேண்டும்.

66 பேருக்கு 132 சட்டைகள். திருத்திய விகிதப்படி 28-இல் 26, 30-இல் 73, 32-இல் 26, 34-இல் 7. திருத்தாமல் பில் தொகையையே பின்பற்றியிருந்தால் 30 சைஸுக்கு 40 மட்டுமே வந்திருக்கும். 33 சட்டைகள் குறையும், 32-இல் 30 சட்டைகள் தேங்கும்.

இவ்வளவு செய்த பிறகும் 132 சட்டையையும் ஒரே நேரத்தில் வெட்டித் தைத்துவிடுவது மூன்றாவது தவறு. இதைத்தான் நான் மிகவும் வலியுறுத்துவேன். விகிதம் என்பது சென்ற ஆண்டுப் பிள்ளைகளைப் பற்றியது. புதிதாகச் சேரும் 14 பேரின் உடல்வாகு யாருக்கும் தெரியாது. துணி முழுவதையும் முதலிலேயே, ஒரே சாயத் தொகுப்பில் வாங்கிவிட வேண்டும், ஏனெனில் பின்னால் வாங்கும் துணியில் நிறம் சற்று மாறினாலும் சட்டைகள் வரிசையில் வேறுபட்டுத் தெரியும். ஆனால் வெட்டுவது பத்தில் ஏழு பங்காக இருக்கட்டும். வெட்டாத துணி எந்தச் சைஸாகவும் மாறும். தைத்த சட்டை மாறாது. நடுச் சைஸ்களில் தாராளமாகவும், 34 போன்ற ஓரச் சைஸில் மூன்று நான்கோடும் தொடங்கி, சேர்க்கை தொடங்கிய முதல் பத்து நாள் விற்பனையைப் பார்த்து மீதியை வெட்டலாம். இதற்குத் தையல்காரரிடம் ஜூன் முதல் வாரத்துக்கு இரண்டு நாள் வேலையை மார்ச்சிலேயே பேசி ஒதுக்கி வைத்திருக்க வேண்டும்; அப்போது போய்க் கேட்டால் யாரிடமும் இடம் இருக்காது.