“மெயில் போட்டாச்சு” என்பது எஸ்கலேஷன் அல்ல

மொரிசியஸ் எபேனில் ஹெல்ப் டெஸ்க் வேலை எனக்கு. போன வாரம் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி, எஸ்கலேஷன் தாள் ஒன்று எழுதி எடுத்துவந்தாள். நம்மால் தீராத சிக்கலை அடுத்து யாரிடம், எப்படிக் கொண்டுபோவது என்று சொல்லும் தாள் அது. நாலாவது வரி: “அவசரமென்றால் டேட்டாபேஸ் குழுவுக்குத் தெரிவிக்கவும்.” பல வருடங்களுக்கு முன் நான் எழுதிய அதே வரி! இந்த மாதிரித் தாள்களில் வரும் தவறுகளை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். எழுத்துப்பிழை மாதிரியானவற்றை யாரும் கண்டுபிடிப்பார்கள், அவற்றை விட்டுவிடுகிறேன்.

“தெரிவிக்கவும்” என்று எழுதுவது

என்னுடைய அந்த வரி காலை வாரிய நாள், தைப்பூசக் காவடி. இங்கே அரசு விடுமுறை, எங்கள் வாடிக்கையாளர் இருக்கும் பிரான்ஸில் சாதாரண வேலை நாள். குளிர்காலத்தில் நாம் அவர்களைவிட 3 மணி நேரம் முன்னால் இருக்கிறோம். அவர்களுக்குக் காலை 9 மணி தாண்டியபோது ஒரு கிடங்கில் லேபிள் அச்சடிப்பது நின்றுபோனது. லேபிள் இல்லாமல் லாரி கிளம்பாது.

ஷிஃப்டில் இருந்த தம்பி என் தாளில் இருந்தபடியே செய்தான். நம் நேரம் 12:10க்கு மெயில் போட்டான், டிக்கெட்டை `Escalated` என்று மாற்றினான். எங்கள் அமைப்பில் அந்த நிலைக்கு மாற்றினால் கெடு கடிகாரம் நின்றுவிடும், அதனால் திரையில் சிவப்பும் வரவில்லை. டேட்டாபேஸ்காரரோ கோர் தெ கார்த் மலைக்கோயிலில் காவடி தோளில், போன் வீட்டில். “நாளை வருவேன்” என்ற அவருடைய தானியங்கிப் பதில், யாரும் திறக்காத பொதுப் பெட்டியில் விழுந்தது.

14:50க்கு வாடிக்கையாளரே கூப்பிட்டுக் கத்தினார். வேறொருவரைப் பிடித்துப் பார்த்தால், லாக் கோப்புகள் வட்டை நிரப்பியிருந்தன. பத்து நிமிட வேலை. அதற்குள் அன்றைய லாரிகள் கிளம்ப வேண்டிய நேரம் தப்பிவிட்டது. “நான்தான் சொல்லிட்டேனே அண்ணா” என்றான் தம்பி. சரிதான், சொல்லிவிட்டான். கேட்டது யார் என்பதற்கு என் தாளில் இடமே இல்லை.

இந்தத் தவறு இன்னமும் எரிச்சல் ஊட்டுகிறது, ஏனென்றால் தாளைப் படித்தால் எல்லாம் சரியாக இருப்பதுபோலவே தெரியும். இப்போது நான் எழுதுவது இப்படி: “ஆன்-கால் எண்ணுக்குப் போன் செய். 5 நிமிடத்தில் யாரும் எடுக்காவிட்டால் இரண்டாவது எண். 15ஆவது நிமிடம் ஷிஃப்ட் மேலாளர். ‘நான் எடுத்துக்கொள்கிறேன்’ என்று ஒருவர் வாயால் சொல்லும்வரை டிக்கெட் உன்னுடையது. அவர் பெயரையும் நேரத்தையும் டிக்கெட்டில் எழுது.” வாய்ஸ்மெயில், வாட்ஸ்ஆப் நீலக்குறி, தானியங்கிப் பதில் எதுவும் கணக்கில் வராது.

அந்த 5, 15 எல்லாம் வாய்க்கு வந்த எண்கள் அல்ல. எங்கள் ஒப்பந்தப்படி 30 நிமிடத்துக்குள் ஒரு நிபுணர் வேலையைத் தொடங்க வேண்டும். ஆளைத் தேடவே அதில் பாதி போனால், மீதியில் அவர் கணினியைத் திறந்து உள்ளே நுழைய நேரம் இருக்கும். உங்கள் ஒப்பந்தம் 1 மணி நேரமென்றால் கணக்கு மாறும். அப்புறம், கெடு கடிகாரத்தை வாடிக்கையாளரின் பதிலுக்குக் காத்திருக்கும்போது மட்டும் நிறுத்துங்கள். நமக்குள்ளேயே ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போகும்போது அது ஓடிக்கொண்டுதான் இருக்க வேண்டும்.

ஆள் பெயரை எழுதுவது

பொறுப்பை எழுதுங்கள். வாராவாரம் கைமாறும் ஒரே எண் போதும்.

எது அவசரம் என்று சொல்லாமல் விடுவது

வாடிக்கையாளர் எல்லாவற்றுக்கும் “மிக அவசரம்” என்றுதான் எழுதுவார். இரண்டு கேள்விகளைத் தாளின் தலையிலேயே போடுங்கள்: எத்தனை பேருக்கு வேலை நின்றது? சமாளிக்க வேறு வழி இருக்கிறதா? மேலாளர் ஒருவரின் பிரிண்டர் ஓடவில்லை, பக்கத்து அறையில் இன்னொன்று இருக்கிறது என்றால் அது நாளைக்குக் காத்திருக்கும். அந்தக் கிடங்கு காத்திருக்காது. புதியவர்களுக்கு இதைவிடப் பெரிய தடை, விடுமுறை நாளில் பெரியவரை எழுப்பப் பயம். “சந்தேகமென்றால் கூப்பிடு, தவறாகப் போனாலும் கேள்வி கேட்க மாட்டோம்” என்று எழுதி மேலாளரிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

பழுது பார்ப்பவரையும் முடிவெடுப்பவரையும் ஒரே ஏணியில் ஏற்றுவது

வட்டைக் காலி செய்பவர் ஒருவர். “லாரியை நிறுத்தி வையுங்கள்” என்று வாடிக்கையாளரிடம் பேசுபவர் இன்னொருவர். ஒருவருக்காக மற்றவர் காத்திருக்கக் கூடாது. இரண்டு போனும் ஒரே நேரத்தில் போகட்டும்.

தாளைக் கணினியில் மட்டும் வைப்பது

இங்கே மூன்றாம் எண் புயல் எச்சரிக்கை வந்தால் எல்லோரும் வீட்டில்தான். நெட் போன பிறகு யாரைக் கூப்பிடுவது? அச்சடித்துப் பையில் வையுங்கள்.

அந்தப் பெண் நாலாவது வரியைத் திருத்திக் கொடுத்தாள், நன்றாகவே இருந்தது. ஞாயிறு மாலை, சொல்லாமல் கொள்ளாமல் அதில் இருந்த எண்களைக் கூப்பிட்டுப் பார்த்தேன். முதல் எண்ணில் மூன்றாவது மணி அடிக்கும்போதே எடுத்துவிட்டார்கள். இரண்டாவது எண்ணில், வேலையை விட்டு ஆறு மாதமான ஒருவர், “யாருங்க?” என்றார்.