ஆள் எடுப்பது நின்றுவிட்டதா? அன்றைக்கே நான்கு வரி அனுப்புங்கள்

புதிய ஆள் நியமனத்தை நிர்வாகம் நிறுத்தி வைத்தால், நேர்காணலுக்கு வந்த எல்லோருக்கும் அன்று மாலைக்குள் ஒரு குறுஞ்செய்தி அனுப்பிவிடுங்கள். காரைக்குடிப் பக்கம் ஒரு விடுதியில் வரவேற்பாளர் பணி என்றால், இவ்வளவு போதும்:

“வரவேற்பாளர் பணிக்கான நியமனம் தற்போது நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது. உங்கள் நேர்காணலுக்கும் இதற்கும் தொடர்பில்லை. அக்டோபர் 10-ஆம் தேதி நிலைமையைத் தெரிவிக்கிறோம். அதற்குள் வேறு வேலை கிடைத்தால் தயங்காமல் சேர்ந்துகொள்ளுங்கள்.”

இதில் உயிர் அந்தத் தேதிதான். ‘விரைவில் சொல்கிறோம்’ என்றால், தேவகோட்டையில் இருப்பவர் மறுநாளே போனைப் பார்க்கத் தொடங்கிவிடுவார். கையில் வந்த வேறு வேலையையும் தட்டிக்கழிப்பார். தேதி இருந்தால் அதுவரை அவரும் அழைக்க மாட்டார், உங்களுக்கும் தினம் பத்துப் பேருக்குப் பதில் சொல்லும் வேலை மிச்சம். அந்தத் தேதியில் முடிவு எதுவும் இல்லாவிட்டாலும், இல்லை என்றே எழுதி அடுத்த தேதியைக் கொடுங்கள்.

வாட்ஸ்அப் குழு தொடங்கி அனுப்ப வேண்டாம். ஒருவர் எண் மற்றவருக்குத் தெரிந்துவிடும். பிராட்காஸ்ட் பட்டியலும் உங்கள் எண்ணைச் சேமித்து வைத்தவர்களுக்கு மட்டுமே போய்ச் சேரும். தனித்தனியாக அனுப்புவதே நல்லது, இருபது பேர் என்றாலும் கால் மணி நேரம்தான்.

வேறொருவரைத் தேர்ந்தெடுத்துவிட்டாலோ பணியிடமே ரத்தாகிவிட்டாலோ இந்தச் செய்தி பொருந்தாது, உள்ளதைச் சொல்லிவிடுங்கள். நியமனக் கடிதம் கொடுத்துவிட்டவரிடம் குறுஞ்செய்தி கூடாது. அவர் பழைய வேலையை விட்டிருக்கக்கூடும், போனில் நேரடியாகப் பேசுங்கள்.