லீவு முடிந்தும் வராத ஊழியருக்கு ஷோ காஸ் நோட்டீஸ் எழுதுவது எப்படி?

பெங்களூரு பீன்யாவில் ஒரு சிறிய மெஷின் ஷாப் என்று வைத்துக்கொள்வோம். திருவண்ணாமலைப் பக்கத்து சி.என்.சி. ஆபரேட்டர் ஒருவர் 2025 ஜூன் 9 முதல் 11 வரை லீவு வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனார். 12-ம் தேதி வரவேண்டியவர் 18-ம் தேதி வரை வரவில்லை, போனையும் எடுக்கவில்லை. 19-ம் தேதி காலை முதலாளி உங்களிடம், "ஒரு நோட்டீஸ் அடிச்சு அனுப்பிடுங்க" என்கிறார்.

1. முதலில் சூப்பர்வைசரைக் கேளுங்கள்

கம்ப்யூட்டரைத் திறக்கும் முன் செய்யவேண்டியது இது. "சார், அப்பாவை ஆஸ்பத்திரியில சேத்திருக்கோம், நாலு நாள் ஆகும்" என்று அவர் சூப்பர்வைசருக்கு வாட்ஸாப்பில் அனுப்பியிருக்கலாம். சூப்பர்வைசரும் "சரிப்பா, பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டு ஆபீஸில் சொல்ல மறந்திருக்கலாம். அப்படியானால், தகவலே வரவில்லை என்று நோட்டீஸில் எழுதுவது பொய்யாகிவிடும். பின்னால் விசாரணை நடந்தால் அந்த ஒரு மெசேஜே உங்கள் கேஸைக் கவிழ்த்துவிடும்.

வருகைப் பதிவேடு, லீவு விண்ணப்பம், நீங்கள் போன் செய்த தேதிகள் ஆகியவற்றையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

2. நிலையாணையைப் பாருங்கள்

நிலையாணை என்பது கம்பெனியின் வேலை விதிகள். 1946-ம் ஆண்டு நிலையாணைகள் சட்டம் 2025 நவம்பர் வரை அமலில் இருந்தது. அதன் கீழ் வந்த மத்திய மாதிரி நிலையாணைகள், அனுமதியின்றி 10 நாட்களுக்கு மேல் வராமலிருப்பதை ஒழுங்கீனமாகச் சொல்லின. பல கம்பெனிகளின் விதி இதை ஒட்டியே இருக்கும். நம் ஆபரேட்டர் வராதது ஆறு பணி நாட்கள்தான். ஆகவே பழைய நோட்டீஸிலிருந்து அந்தப் பத்து நாள் விதியை அப்படியே காப்பி அடிக்காதீர்கள். உங்கள் கம்பெனி விதியில் பொருந்துகிற பிரிவு எதுவோ, அதன் எண்ணை மட்டும் குறிப்பிடுங்கள்.

3. நோட்டீஸை எழுதுங்கள்

கம்பெனி லெட்டர்ஹெட்டில், தேதியும் கடித எண்ணும் போட்டு, இப்படி எழுதலாம்:

> பொருள்: அனுமதியின்றிப் பணிக்கு வராதது குறித்து விளக்கம் கோருதல்
>
> தாங்கள் 2025 ஜூன் 9 முதல் 11 வரை அனுமதிக்கப்பட்ட விடுப்பில் இருந்தீர்கள். 12-ம் தேதி பணிக்குத் திரும்பியிருக்க வேண்டும். வார விடுமுறையான 15-ம் தேதி நீங்கலாக, 12 முதல் 18 வரை ஆறு நாட்கள் பணிக்கு வரவில்லை. விடுப்பை நீட்டிக்கக் கோரி எந்தத் தகவலும் எங்களுக்கு வரவில்லை. 13, 16 தேதிகளில் தங்கள் கைப்பேசிக்கு அழைத்தும் தொடர்புகொள்ள முடியவில்லை.
>
> இதற்காகத் தங்கள்மீது ஏன் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கக் கூடாது என்பதற்கான விளக்கத்தை, இக்கடிதம் கிடைத்த 7 நாட்களுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்கவும். உடனடியாகப் பணிக்கும் திரும்பவும். உடல்நலம் காரணமெனில் மருத்துவச் சான்றை இணைக்கவும். விளக்கம் வராவிட்டால், எங்களிடமுள்ள ஆவணங்களின் அடிப்படையில் மேல்நடவடிக்கை தொடரும்.

இதில் திட்டும் வார்த்தை ஒன்றுகூட இல்லை என்பதைக் கவனியுங்கள். "பொறுப்பில்லாமல் நடந்துகொண்டீர்கள்", "வேறு கம்பெனியில் சேர்ந்துவிட்டதாகத் தெரிகிறது" என்றெல்லாம் எழுதினால், பதிலைக் கேட்கும் முன்பே தீர்ப்பை எழுதிவிட்டீர்கள் என்று ஆகிவிடும். ஷாப் ஃப்ளோரில் ஓடும் வதந்தி ஷாப் ஃப்ளோரிலேயே இருக்கட்டும்.

"7 நாட்களில் வராவிட்டால் வேலை தானாகவே போய்விடும்" என்ற வரியை எழுதச் சிலருக்குக் கை துறுதுறுக்கும். எழுதாதீர்கள். டி.கே. யாதவ் வழக்கில் (1993) கம்பெனியின் நிலையாணையிலேயே, எட்டு நாட்களுக்கு மேல் வராவிட்டால் வேலை போகும் என்று இருந்தது. ஆனாலும் விசாரணை இல்லாமல் நீக்கியது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லி, பாதிச் சம்பளப் பாக்கியோடு அவரைத் திரும்ப வேலையில் சேர்க்க உத்தரவிட்டது.

4. இரண்டு முகவரிக்கும் அனுப்புங்கள்

ஆள் ஊரில் இருக்கும்போது பீன்யா ரூமுக்கு மட்டும் அனுப்பினால் கவர் "கதவு பூட்டியிருந்தது" என்று திரும்பி வரும். பணியில் சேர்ந்தபோது கொடுத்த ஊர் முகவரிக்கும், பதிவு வசதியோடும் டெலிவரி சான்றோடும் ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். வாட்ஸாப்பிலும் ஒரு பிரதி போடலாம், ஆனால் அதை மட்டும் நம்ப வேண்டாம். ஆங்கிலத்தில்தான் நோட்டீஸ் தரவேண்டும் என்று கம்பெனி சொன்னால், அவருக்குப் புரிகிற தமிழ்ப் பிரதி ஒன்றையும் சேர்த்து அனுப்புங்கள்.

கவர் திரும்பி வந்தால் பிரிக்கவே கூடாது. தபால்காரர் எழுதிய குறிப்போடு, ஒட்டியபடியே ஃபைலில் வையுங்கள். நீங்கள் அனுப்பியதற்கு அதுதான் சாட்சி.

5. பதில் வந்த பிறகு

அப்பாவின் டிஸ்சார்ஜ் சம்மரியோடு பதில் வந்தால், அதிலுள்ள தேதிகளை 12 முதல் 18 வரை ஒத்துப்பாருங்கள். வராமலிருந்தது வேண்டுமென்றே செய்ததா என்று பார்க்காமல் கடமை தவறியதாக முடிவு செய்ய முடியாது என்று 2012-ல் கிருஷ்ணகாந்த் பர்மார் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. காரணம் உண்மை என்றால், அந்த நாட்களை லீவாகவோ சம்பளமில்லா நாட்களாகவோ வைத்து, "இனிமேல் முன்கூட்டியே தெரிவிக்கவும்" என்று ஒரு கடிதம் கொடுத்து முடித்துவிடலாம்.

பதில் வரவில்லை, அல்லது வந்த பதில் நம்பும்படி இல்லை என்றால், அடுத்தது குற்றச்சாட்டுக் குறிப்பாணை, அப்புறம் உள்விசாரணை. நோட்டீஸ் காலம் முடிந்த மறுநாளே நீக்க உத்தரவை டைப் செய்ய உட்காராதீர்கள்.