விசா, பாஸ்போர்ட் தேதிகளும் கிராஜுவிட்டியும்: ஒரே எக்ஸெல் ஷீட்டில்

துபாயில் இருபது, முப்பது பேர் வேலை செய்யும் மெயின்லேண்ட் நிறுவனத்துக்குத் தனி மென்பொருள் தேவையில்லை, ஒரு எக்ஸெல் ஷீட் போதும். DIFC நிதி மண்டலத்தில் இருப்பவர்களுக்குச் சட்டம் வேறு; இந்தக் கணக்கு அவர்களுக்குப் பொருந்தாது.

முதலில் ஆளுக்கு ஒரு வரிசை. A-யில் பெயர், B-யில் பாஸ்போர்ட் முடியும் தேதி, C-யில் விசா, D-யில் லேபர் கார்டு. E-யில் சேர்ந்த நாள், F-யில் கடைசி நாள், G-யில் சம்பளமில்லா விடுப்பு நாட்கள், H-யில் பேசிக் சம்பளம்.

தேதி தட்டியதும் செல்லைப் பாருங்கள். இடப்பக்கம் ஒட்டி நின்றால் பெரும்பாலும் எக்ஸெல் அதை வெறும் எழுத்தாக எடுத்திருக்கிறது, சூத்திரம் தப்பாகும். சந்தேகம் வந்தால் `=ISNUMBER(B2)` போடுங்கள்; TRUE வர வேண்டும்.

அடுத்து, விசாவுக்கோ லேபர் கார்டுக்கோ எது முந்துகிறதோ, அதற்கு மீதி நாட்கள்:

```
=MIN(C2,D2)-TODAY()
```

இது 60-க்குக் கீழே போனால் மஞ்சள் நிறம் வரும்படி கண்டிஷனல் ஃபார்மேட்டிங் வையுங்கள்.

பலர் கோட்டை விடுவது பாஸ்போர்ட்டில்தான். அதன் தேதியைத் தனியாகப் பார்த்தால் பயனில்லை, விசா தேதியோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். விசா புதுப்பிக்கும்போது பாஸ்போர்ட்டுக்கு ஆறு மாதமாவது ஆயுள் இருக்க வேண்டும். ஒருவரின் விசா 10/11/2026-இல் முடிகிறது, பாஸ்போர்ட் 20/03/2027 வரை இருக்கிறது. பார்த்தால் நிம்மதிதான். ஆனால் விசா முடியும் நாளில் பாஸ்போர்ட்டுக்கு நாலு மாதம் சொச்சமே மிச்சம். அதனால் பாஸ்போர்ட்டை முதலில் புதுப்பிக்கச் சொல்ல வேண்டும்:

```
=IF(B2<EDATE(C2,6),"PASSPORT FIRST","OK")
```

நகல் மட்டும் உங்களிடம் இருக்கட்டும். அசல் பாஸ்போர்ட்டை நிறுவனம் வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது.

அப்புறம் கிராஜுவிட்டி. 2022 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, ஓராண்டு முடித்தவருக்கு முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 21 நாள் பேசிக், அதற்கு மேல் ஆண்டுக்கு 30 நாள். மொத்தம் இரண்டு ஆண்டுச் சம்பளத்தைத் தாண்டாது. ராஜினாமா செய்தாலும் தொகை குறையாது. I-யில் சேவை ஆண்டுகள், J-யில் தொகை:

```
=(F2-E2+1-G2)/365
=IF(I2<1,0,MIN(24*H2,H2/30*(21*MIN(I2,5)+30*MAX(I2-5,0))))
```

ஒருவர் 01/03/2019-இல் சேர்ந்து 31/08/2025-இல் விலகுகிறார். பேசிக் 3,000 திர்ஹாம், அலவன்ஸோடு 5,000. சம்பளமில்லா விடுப்பு 40 நாள். மொத்தம் 2,376 நாள். விடுப்பைக் கழித்தால் 2,336, அதாவது 6.4 ஆண்டு. ஐந்து ஆண்டுக்கு 105 நாள், மீதி 1.4 ஆண்டுக்கு 42 நாள், ஆக 147 நாள். ஒரு நாள் பேசிக் 100 திர்ஹாம், எனவே 14,700 திர்ஹாம்.

அலவன்ஸையும் சேர்த்து 5,000-இல் கணக்குப் போட்டால் 24,500 வரும், அது தவறு. விடுப்பைக் கழிக்க மறந்தால் 300 திர்ஹாமுக்கு மேல் கூடிவிடும். அதனால் விடுப்பு எடுத்த மாதமே G-யில் ஏற்றிவிடுங்கள். ஒப்பந்தம் முடிந்த 14 நாளுக்குள் பாக்கி முழுவதையும் கொடுத்தாக வேண்டும். பழைய விடுப்புக் கடிதங்களைத் தேடிக்கொண்டிருக்க அப்போது நேரம் இருக்காது.